ரியாக்ஷனை இறுக்கினால் ‘ஸ்’ காணாமல் போகிறது. ஏஎம்-ல் உயரம் மட்டும்தானே மாறுகிறது, அகலம் எதற்கு?

சுருள்கம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒரே ஒரு ஃபெட் வைத்து ரீஜெனரேட்டிவ் ரேடியோ ஒன்று கட்டியிருக்கிறேன். ஃபெரைட் ராடு, பழைய கேங் கண்டன்சர், பிஎஃப்டபிள்யூ10, கடைசியில் எல்எம்386 ஆம்ப்ளிஃபையர். திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ் நன்றாகவே வருகிறது.

சிக்கல் இதுதான். வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே ஊட்டும் ரியாக்ஷன் குமிழை, விசில் அடிக்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வரை இறுக்கினால் சத்தம் பலமாகிறது. ஆனால் செய்தி வாசிப்பவர் வாயில் துண்டை வைத்துப் பேசுவது போல ஆகிவிடுகிறது. ‘ஸ்’, ‘ஷ்’ எல்லாம் போய்விடுகின்றன. ‘பஸ்’ என்றாரா ‘பத்து’ என்றாரா என்று தெரியவில்லை. குமிழைத் தளர்த்தினால் எழுத்துகள் திரும்பி வருகின்றன, சத்தம் குறைகிறது.

என் புத்தகத்தில் ஏஎம் படம் இருக்கிறது. பேச்சைச் சுமக்கும் கேரியர் அலை அதே வேகத்தில்தான் ஆடுகிறது, உயரம் மட்டும் ஏறி இறங்குகிறது. அப்படியானால் 1197-ல் இருப்பது ஒரே ஒரு அதிர்வெண். அதை எவ்வளவு ஒல்லியான ஃபில்டரால் பிடித்தாலும் உயரம் மாறுவது அப்படியே வர வேண்டும். பிறகு ஏன் கூர்மையான எழுத்துகள் மட்டும் போகின்றன? ஃபெட்டில் கோளாறா?

---

மணிமாறன்_எலெக்ட்ரானிக்ஸ் எழுதியது:

தம்பி, ஃபெட்ல ஒண்ணும் இல்ல. உங்க படம்தான் பாதிதான் சொல்லுது. பேச்சு உள்ள போகும்போது கேரியர் 1197-ல நிக்காது, ரெண்டு பக்கமும் நாலஞ்சு கிலோஹெர்ட்ஸ் ஆடும். சத்தமா பேசுனா அதிகமா ஆடும். அதான் சைடுபேண்ட். நீங்க ரியாக்ஷன இறுக்கும்போது ஃபில்டர் ஒல்லியாகுது, ஆட்டத்தோட ஓரம் வெட்டுப்படுது. அவ்ளோதான்.

---

நெல்லை_நேயர் எழுதியது:

எங்க வீட்டுலயும் இதே கதைதான். போன வருஷம் எல்லா பல்பையும் எல்இடிக்கு மாத்துன பிறகு 1197-ல ஒரே கரகர சத்தம், பேச்சு புரியவே இல்ல. ராத்திரி பல்ப அணைச்சா சரியாகுது. தம்பி வீட்டுலயும் பல்ப அணைச்சுப் பாருங்க. மிடில் வேவே இப்ப இப்படித்தான் ஆயிப்போச்சு. ஒரு காலத்துல காலைச் செய்தி கேட்டுக்கிட்டே தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுவேன்.

---

சுருள்கம்பி எழுதியது:

நேயர் அண்ணாச்சி, பல்பை அணைத்தும் பார்த்துவிட்டேன். என்னிடம் கரகரப்பு இல்லை. சுத்தமாக இருக்கிறது, ஆனால் மந்தமாக இருக்கிறது. குமிழைத் திருப்பினால் மாறுகிறது என்பதால் என் செட்டுக்குள் நடப்பதுதான்.

மணிமாறன் அண்ணா, கேரியர் ஆடுமென்றால் அது எஃப்எம் ஆகிவிடாதா?

---

அலைவரிசை எழுதியது:

ஆகிவிடும். மணிமாறன் சொன்ன முடிவு சரி: ஃபில்டர் ஒல்லியாவதால்தான் எழுத்து போகிறது. காரணம் சரியில்லை. மிடில் வேவ் டிரான்ஸ்மிட்டர்களோடு பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேரியர் அசைவதில்லை. பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 1197-லேயே இருக்கும். அதன் இரண்டு பக்கத்திலும் புதிதாக வேறு அலைகள் முளைக்கின்றன.

ஒரே சுருதியில் 1000 ஹெர்ட்ஸ் ஓசையை மட்டும் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வானில் மூன்று அலைகள் இருக்கும்: 1196, 1197, 1198. மூன்றும் அசையாமல், உயரம் மாறாமல் நிற்கும். அவை மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் உங்கள் புத்தகத்தில் இருக்கிற ஏறி இறங்கும் படம் வருகிறது.

இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் தெரியும். இரண்டு சாரணிக் கம்பிகளில் ஒன்று கொஞ்சம் விலகியிருந்தால் ஓசை ‘வொய்ங்... வொய்ங்...’ என்று ஏறி இறங்கும். நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கினால், கம்பிகளுக்கு இடையே 4 ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்று அர்த்தம். காதுக்குக் கேட்பது ஒரே ஓசை, அதன் உயரம் மாறுகிறது. கையில் இருப்பது இரண்டு கம்பி, இரண்டின் சுருதியும் மாறவில்லை. இரண்டு கூற்றும் ஒரே சமயத்தில் உண்மை. ஒரு கம்பியை விரலால் அமுக்குங்கள், ஏற்ற இறக்கம் அந்த நொடியே நின்றுவிடும். உங்கள் ரியாக்ஷன் செய்வது அதைத்தான். ஓரத்துக் கம்பியை அமுக்குகிறது.

ஓசை 3000 ஹெர்ட்ஸ் என்றால் பக்கத்து அலைகள் 1194-லும் 1200-லும் நிற்கும். ‘ஸ்’ என்ற எழுத்தின் பலம் பெரும்பாலும் 4000-க்கு மேலேதான். அது 1193-க்குக் கீழும் 1201-க்கு மேலும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தேவைப்படும் அகலம் என்பது, நீங்கள் கேட்க விரும்பும் மிக உயர்ந்த ஓசையின் இரண்டு மடங்கு. கேரியர் 1197 ஆனாலும் 720 ஆனாலும் கணக்கு இதுவே.

---

தேன்மொழி_க எழுதியது:

அலைவரிசை சார் சொன்னதைக் கணினியிலேயே பார்த்துவிடலாம். கேரியர் 12000 ஹெர்ட்ஸ், ஓசை 1000 ஹெர்ட்ஸ், மாடுலேஷன் 50 சதவீதம் என்று வைத்து எழுதியது. இதில் பெருக்கல் மட்டும்தான் இருக்கிறது, பக்கத்து அலை எதையும் நான் சேர்க்கவில்லை.

```python
import numpy as np
fs = 48000
t = np.arange(fs) / fs
x = (1 + 0.5*np.cos(2*np.pi*1000*t)) * np.cos(2*np.pi*12000*t)
s = np.abs(np.fft.rfft(x)) / (fs/2)
for f in np.where(s > 0.01)[0]:
    print(f, round(s[f], 3))
```

வரும் விடை மூன்றே வரி: 11000-ல் 0.25, 12000-ல் 1.0, 13000-ல் 0.25. இடையில் வேறெதுவும் இல்லை. 0.5-ஐ 1.0 ஆக்கினால் பக்கத்து இரண்டும் 0.5 ஆகின்றன. ஆனால் இடம் மாறுவதில்லை. சத்தம் கூடினால் அகலம் கூடும் என்று மணிமாறன் அண்ணா சொன்னதுதான் எனக்கு இதில் பொருந்தவில்லை. 1000-ஐ 3000 ஆக்கினால்தான் அவை விலகிப் போகின்றன.

---

மணிமாறன்_எலெக்ட்ரானிக்ஸ் எழுதியது:

சரிம்மா, கேரியர் ஆடுதுன்னு நான் சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா சத்தம் கூடுனா அகலம் கூடுறத நான் கண்ணால பாத்திருக்கேன். பக்கத்து ஊர்ல ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், மைக்ல கத்துனா பக்கத்து ஸ்டேஷன்ல எல்லாம் ‘டப் டப்’னு கேக்கும். மெதுவா பேசுனா கேக்காது. இதுக்கு என்ன சொல்றீங்க?

---

அலைவரிசை எழுதியது:

நீங்கள் பார்த்தது உண்மை. அது மாடுலேஷன் 100 சதவீதத்தைத் தாண்டிய நிலை. பேச்சு கேரியரை இறக்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் இன்னும் இறங்கச் சொன்னால் டிரான்ஸ்மிட்டரால் முடியாது. அங்கே அலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் 1000 ஹெர்ட்ஸ் ஓசைக்கு 2000, 3000, 4000 என்று பேச்சிலேயே இல்லாத ஓசைகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஜோடி அலையைத் தள்ளித் தள்ளி வைக்கும். உரத்த எழுத்து வரும்போது மட்டும் பக்கத்து நிலையத்தில் தட்டுகிற சத்தம் கேட்பதுதான் இதற்கு அடையாளம். 100 சதவீதத்துக்குள் இருக்கும்வரை தேன்மொழி சொன்னது சரி: அகலத்தைச் சுருதி தீர்மானிக்கிறது, சத்தம் தீர்மானிப்பதில்லை.

---

சுருள்கம்பி எழுதியது:

நிரலை ஓட்டிப் பார்த்தேன், விடை அப்படியே வருகிறது. ஆனால் மனசு இன்னும் ஒப்பவில்லை. கணக்கில் மூன்றாகப் பிரிக்கலாம் என்பதால் வானிலும் மூன்று இருக்கிறது என்று ஆகிவிடுமா? பத்து ரூபாயை ஐந்தும் ஐந்துமாக எழுதலாம், மூன்றும் ஏழுமாகவும் எழுதலாம். என் சட்டைப்பையில் இருப்பது ஒரே நோட்டுதானே.

---

அலைவரிசை எழுதியது:

தம்பி, இந்தச் சந்தேகம் சாதாரண ஆளுக்கு வந்ததில்லை. 1904-ல் டயோடு வால்வைக் கொடுத்த ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங்குக்கே வந்தது. 1930 ஜனவரியில் நேச்சர் இதழில் அவர் கிட்டத்தட்ட உங்கள் வாதத்தையேதான் எழுதினார்: அனுப்பப்படுவது உயரம் மாறுகிற ஒரே அலை, பக்க அலைகள் என்பவை கணக்கின் கற்பனை, ஆகவே நிலையங்களுக்கு இவ்வளவு அகலம் ஒதுக்கத் தேவையில்லை என்று. பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆனால் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, 1915-ல், ஜான் கார்சன் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். கற்பனையை ஃபில்டர் வைத்துப் பிரித்துத் தனியாக அனுப்ப முடியாது.

நீங்களே பார்க்கலாம். இணையத்தில் இருக்கிற எஸ்டிஆர் என்ற கணினிவழி ரிசீவர் ஏதாவது ஒன்றில் ஒரு மிடில் வேவ் நிலையத்தைப் பிடியுங்கள். அருவி போல ஓடும் படத்தில் நடுவே ஒரு கோடு அசையாமல் இறங்கும், இரண்டு பக்கமும் பேச்சு கண்ணாடிப் பிம்பம் போல விரியும். இப்போது மோடை மேல்பக்க அலையை மட்டும் பிடிக்கும் யுஎஸ்பி-க்கு மாற்றி, ஃபில்டரைக் கேரியருக்கு 300 ஹெர்ட்ஸ் மேலே தொடங்கி 3000 வரை வையுங்கள். கேரியர் வெளியே போய்விட்டது, கீழ்ப்பக்கமும் போய்விட்டது. ஆனாலும் பேச்சு முழுசாகக் கேட்கும். பிறகு கேரியரை மட்டும் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் பிடித்து ஏஎம் மோடில் கேளுங்கள். எவ்வளவு பலமாக வந்தாலும் அதில் பேச்சு இருக்காது.

மின்சாரக் கணக்கும் இதையே சொல்லும். 20 கிலோவாட் கேரியர் விடும் டிரான்ஸ்மிட்டரில் ஒரே சுருதியை 100 சதவீதம் மாடுலேட் செய்தால் ஆன்டெனாவுக்கு 30 கிலோவாட் போகும். கூடுதலான 10 கிலோவாட்டும் பக்கத்துக்கு ஐந்தாக அந்த இரண்டு அலையிலும் இருக்கிறது. கேரியர் அதே 20-ல் நிற்கிறது.

---

தேன்மொழி_க எழுதியது:

நான் இப்போதே செய்து பார்த்தேன் சார். யுஎஸ்பி-யில் ஒரு கர்நாடகக் கச்சேரி ஒலிபரப்பைப் பிடித்தேன். கேரியருக்குச் சரியாக வைத்தால் பாட்டு சுருதி சுத்தமாக இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் தள்ளி வைத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி 100 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடுகிறது. ஸா-வும் 100 நகர்கிறது, மேல் ஸா-வும் 100 நகர்கிறது. மேல் ஸா இரண்டு மடங்காக இல்லாமல் போய்விடுவதால் கேட்கவே முடியவில்லை. அப்படியென்றால் பக்கத்து அலைகளுக்குக் கேரியர் ஓர் அளவுக்கல் மாதிரி. ‘இங்கிருந்து எவ்வளவு தூரம்’ என்று சொல்வதற்காகத்தான் அது வருகிறது.

---

சுருள்கம்பி எழுதியது:

நானும் கேட்டேன். கேரியர் இல்லாமல் பேச்சு வந்ததைக் கேட்ட பிறகு மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கலாமா? பக்க அலை என்ற பேச்சே இல்லாமல், என் செட்டில் அந்தச் சுருளும் கேங்கும் ‘ஸ்’ஸை எப்படித் தொலைக்கின்றன என்று சொல்ல முடியுமா? அவற்றுக்குக் கணக்கு தெரியாதே.

---

அலைவரிசை எழுதியது:

முடியும். சுருளும் கேங்கும் சேர்ந்தது ஒரு கனமான ஊஞ்சல். கோயில் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை நன்றாக ஆட ஆரம்பித்தால் தள்ளுவதை நிறுத்தினாலும் வெகுநேரம் ஆடும். வீச்சைக் கூட்டவும் நேரம் எடுக்கும், குறைக்கவும் நேரம் எடுக்கும். ரியாக்ஷன் என்ன செய்கிறது? ஒவ்வோர் ஆட்டத்திலும் இழக்கிற சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் ஊஞ்சல் இன்னும் அதிக நேரம் ஆடுகிறது. அதனால்தான் உங்களுக்குச் சத்தம் பலமாகிறது.

எண் வைத்துப் பார்ப்போம். இறுக்கிய நிலையில் உங்கள் சுற்றின் கூர்மையைச் சொல்லும் க்யூ என்ற எண் 600 என்று கொள்வோம், ரீஜெனில் இது எளிதாக வரும். 1197-ல் அந்த ஊஞ்சல் தன் வீச்சைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்ற எடுக்கும் நேரம் சுமார் 160 மைக்ரோவினாடி. 300 ஹெர்ட்ஸ் ஓசை ஒரு தடவை ஏற 1600-க்கும் மேல் மைக்ரோவினாடி கொடுக்கிறது. தாராளமான அவகாசம். 3000 ஹெர்ட்ஸ் ஓசையோ 167 மைக்ரோவினாடிதான் கொடுக்கிறது. ஊஞ்சல் ஏறி முடிக்கும் முன்பே இறங்கு என்கிறது, இறங்கி முடிக்கும் முன்பே ஏறு என்கிறது. அது நடுவிலேயே லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். ‘ஸ்’ அங்கேதான் தொலைகிறது.

இப்போது பக்க அலைக் கணக்கைப் போடுங்கள். 1197-ஐ 600-ஆல் வகுத்தால் அகலம் சுமார் 2 கிலோஹெர்ட்ஸ், பக்கத்துக்கு ஒன்று. 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் அலை மூன்றில் ஒரு பங்காக இளைத்து வரும், 4-ல் நிற்பது கால்வாசியாக. ஊஞ்சல் வழியில் போனாலும் இதே விடைதான். உயரம் வேகமாக மாற வேண்டுமென்றால் ஃபில்டர் அகலமாக இருந்தாக வேண்டும்.

---

நெல்லை_நேயர் எழுதியது:

நான் முதல்ல கேள்வியத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், மன்னிக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்கப்பா வச்சிருந்த வால்வு ரேடியோவுல ஸ்டேஷன நடுவுல வைக்க மாட்டாரு. முள்ள ஒரு பக்கமா கொஞ்சம் தள்ளி வைப்பாரு. ‘அப்பத்தான்லே எழுத்து தெளிவா விழும்’ம்பாரு. இதுக்கும் நீங்க சொல்றதுக்கும் சம்பந்தம் உண்டா?

---

அலைவரிசை எழுதியது:

நேரான சம்பந்தம் உண்டு அண்ணாச்சி. தள்ளி வைக்கும்போது ஒரு பக்கத்தின் ஓரத்து அலை ஃபில்டரின் உச்சிக்கு வந்துவிடுகிறது, கேரியர் சரிவுக்குப் போகிறது. மறுபக்கம் கிட்டத்தட்ட இழப்புதான். ஆனால் இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே பேச்சு, ஒன்று போதும். ‘ஸ்’ திரும்பிவிடும். ரொம்பத் தள்ளினால் கேரியர் இளைத்துப்போய் உரத்த இடங்களில் குரல் உடையும். உங்கள் தகப்பனார் காதாலேயே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். சுருள்கம்பி தம்பியும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

---

தாமிரபரணி_ஹாம் எழுதியது:

நான் இன்னொரு வழி சொல்கிறேன். ஒற்றைச் சுற்றின் சரிவு, ஆடியோவில் ஒரு ரெசிஸ்டரும் கண்டன்சரும் மேல் ஓசையை வெட்டும் சரிவைப் போலவேதான் இருக்கும். வெட்டியதை ஆடியோவிலேயே திரும்பக் கூட்டிவிடலாம். 1930 வாக்கில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபின்சன் என்பவர் ‘ஸ்டெனோடு’ என்ற ரிசீவரில் இதைச் செய்தார். குவார்ட்ஸ் கிரிஸ்டல் வைத்து மிக ஒல்லியாகப் பிடித்து, பிறகு ஆடியோவில் மேல் ஓசையைப் பலமாக ஏற்றினார். பேச்சு தெளிவாக வந்தது. பக்க அலையே தேவையில்லை என்று சொன்னவர்கள் அதைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். உண்மையில் பக்க அலை செத்துப்போகவில்லை, இளைத்துத்தான் போயிருந்தது. அவர் அதற்குச் சோறு போட்டு எழுப்பினார்.

உங்கள் செட்டுக்கு: வால்யூம் கண்ட்ரோல் 10 கிலோ ஓம் என்றால் அதற்கு முன்னால் 33 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் குறுக்கே 4.7 நானோஃபேரட் கண்டன்சரைக் கட்டுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற ஆரம்பித்து நாலரைக்கு அருகில் நின்றுவிடும். கீழ் ஓசை நாலில் ஒரு பங்காகக் குறையும், எல்எம்386-ல் 1-க்கும் 8-க்கும் நடுவில் 10 மைக்ரோஃபேரட் போட்டு அதை ஈடு கட்டலாம்.

---

சுருள்கம்பி எழுதியது:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டையும் செய்து பார்த்தேன்.

தள்ளி வைப்பது உடனே வேலை செய்தது. நேயர் அண்ணாச்சி அப்பாவுக்கு நன்றி. ஆனால் ரியாக்ஷன் இறுக்கமாக இருக்கும்போது தள்ள வேண்டிய தூரம் நூலிழைதான், கை நடுங்கினால் போய்விடுகிறது.

33 கிலோ ஓமும் 4.7 நானோவும் போட்டதும் பகலில் அருமை. ‘பஸ்’ பஸ்ஸாகவே கேட்கிறது. இரைச்சல் கொஞ்சம் கூடியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணிக்கு மேல் வேறு கதை. மெல்லிய, ரொம்ப உயர்ந்த விசில் ஒன்று விடாமல் கேட்கிறது. அம்மாவுக்குக் கேட்கவில்லை, எனக்கும் தங்கைக்கும் கேட்கிறது. ரியாக்ஷனை மாற்றினால் அதன் சத்தம் மாறுகிறது, சுருதி மாறவில்லை. அதனால் என் செட் அடிக்கும் விசில் இல்லை என்று நினைக்கிறேன்.

---

அலைவரிசை எழுதியது:

சரியாக நினைத்தீர்கள். அது 9 கிலோஹெர்ட்ஸ். 1975-ல் ஜெனீவாவில் போட்ட திட்டப்படி நம் பகுதியில் மிடில் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. 1197-க்குப் பக்கத்தில் 1188-ம் 1206-ம். பகலில் தூரத்து நிலையங்கள் எட்டுவதில்லை. இரவில் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து, அவற்றின் கேரியர் உங்கள் கேரியரோடு சேர்ந்து 9 கிலோஹெர்ட்ஸில் அடிக்கிறது. தம்புராக் கம்பி விஷயமேதான், வேகம்தான் கூடுதல்.

முன்பு உங்கள் சுற்று அதை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கி வைத்திருந்தது. இப்போது ஆடியோவில் உயர்த்துகிற உயர்த்தலில் அதுவும் நாலு மடங்கு எழுந்து வந்துவிட்டது. சுருள் பிரித்துவைத்ததை ஆடியோ பிரித்தறியாது. உங்களுடைய ‘ஸ்’ஸா, அடுத்தவன் கேரியரா என்று அதற்குத் தெரியாது. இதனால்தான் ஸ்டெனோடால் நிலையங்களின் நெரிசலைக் குறைத்துவிட முடியாது என்று அப்போதே சொன்னார்கள்.

---

தாமிரபரணி_ஹாம் எழுதியது:

இதில் மட்டும் உங்களோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை சார். ஒல்லியாகப் பிடிப்பதால் டிடெக்டருக்கு முன்னாலேயே பக்கத்து நிலையம் இளைத்துவிடுகிறது. நம் கேரியர் பலமாகவும் அவர்கள் கேரியர் பலவீனமாகவும் டிடெக்டருக்குப் போனால், அவர்கள் பேச்சு புரிகிற பேச்சாக வெளியே வருவதே குறையும். விசில் வரும், பேச்சு வராது. விசிலை 9 கிலோஹெர்ட்ஸில் ஒரு நாட்ச் ஃபில்டர் போட்டு வெட்டலாம். ஆகவே ராபின்சனுக்குக் கொஞ்சமாவது லாபம் இருந்தது.

---

அலைவரிசை எழுதியது:

பலமான கேரியர் பலவீனமானதை அமுக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய உள்பக்க அலைகள் நடுக்கோடான 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு இந்தப் பக்கம் நீண்டு நம் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. அவை நம் கேரியரோடு சேர்ந்து தலைகீழான கிசுகிசுப்பாகக் கேட்கும், அதை எந்த நாட்சும் வெட்டாது. தம்பி, விசிலை நாட்ச் போட்டு எடுத்த பிறகு பின்னால் அப்படி ஏதாவது கேட்கிறதா என்று சொல்லுங்கள்.

---

சுருள்கம்பி எழுதியது:

நாட்ச்சுக்குச் சாமான் வாங்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இப்போதைக்குக் கண்டன்சரோடு ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன், பகலுக்கு ஆன், இரவுக்கு ஆஃப். நேற்று இரவு விசிலுக்குப் பின்னால் பறவைக் கூட்டம் கீச்சிடுவது போல ஒன்று கேட்டது. பேச்சா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாரக் கடைசியில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.